இறுதிநிலைச் செலவு ஏறும்போதே சராசரி இறங்குவது எப்படி?

கேள்வி: இறுதிநிலைச் செலவுக் கோடு, சராசரிச் செலவுக் கோட்டை அதன் அடிப்புள்ளியில்தான் வெட்டும் என்கிறார்கள். ஆனால் படத்தில் வெட்டுவதற்கு முன்பே இறுதிநிலைச் செலவு ஏற ஆரம்பித்துவிடுகிறது. அப்போதும் சராசரி இறங்கிக்கொண்டே இருக்கிறதே, எப்படி?

பதில்:

இறுதிநிலைச் செலவு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைச் சராசரி கண்டுகொள்வதே இல்லை. கடைசியாகச் சேர்ந்த அலகின் செலவு, இதுவரையிலான சராசரியைவிடக் குறைவா கூடுதலா என்பது மட்டும்தான் அதற்குக் கணக்கு. குறைவாக இருந்தால் சராசரி இறங்கும், கூடுதலாக இருந்தால் ஏறும். இந்தப் பாடத்தில் தடுமாறும் மாணவர்களில் பெரும்பாலானவர்கள் கோட்டின் திசையைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது அதன் உயரத்தை.

எண்களை வைத்துப் பார்த்துவிடலாம். ஓர் உற்பத்தியாளரின் மாறாச் செலவு 32 என்று வைத்துக்கொள்ளுங்கள். எதுவும் தயாரிக்காவிட்டாலும் அந்த 32 போய்விடும். மற்றதெல்லாம் இப்படி:

| அலகுகள் | மொத்தச் செலவு | கூடுதல் அலகின் செலவு | சராசரிச் செலவு |
|---|---|---|---|
| 1 | 42 | 10 | 42 |
| 2 | 46 | 4 | 23 |
| 3 | 50 | 4 | 16.67 |
| 4 | 60 | 10 | 15 |
| 5 | 82 | 22 | 16.4 |
| 6 | 122 | 40 | 20.33 |

மூன்றாவது வரியிலிருந்து நான்காவது வரிக்கு வாருங்கள். உங்கள் சந்தேகம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. மூன்றாவது அலகுக்கு 4 செலவானது, நான்காவதற்கு 10. இரண்டரை மடங்கு! ஆனாலும் சராசரி 16.67-இலிருந்து 15-க்கு இறங்கிவிட்டது. காரணம், முதல் மூன்று அலகுகளும் ஒவ்வொன்றும் சராசரியாக 16.67 பிடித்திருக்கின்றன, புதிதாக வந்தது 10-தான் கேட்டது. முந்தைய அலகோடு ஒப்பிட்டால் 10 அதிகம், சராசரியோடு ஒப்பிட்டால் குறைவு. ஐந்தாவது அலகு 22 கேட்கிறது. அப்போதைய சராசரியான 15-ஐவிட அது கூடுதல், எனவே சராசரி 16.4-க்கு ஏறுகிறது. இடையில் எங்கோ இரண்டும் சமமாகும் இடம் ஒன்று இருந்தாக வேண்டும். அந்த இடத்தில் சராசரிக்கு இறங்கவும் காரணமில்லை, ஏறவும் காரணமில்லை. அதுதான் அடிப்புள்ளி.

“அட்டவணையில் 15-உம் 15-உம் சேர்ந்து வரவே இல்லையே” என்று அடுத்து கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அட்டவணையில் உள்ள 10 என்பது மூன்றாவது அலகுக்கும் நான்காவதற்கும் இடைப்பட்ட தாவலின் செலவு. அதை 4-க்கு நேராகக் குறித்தால் வெட்டுப்புள்ளி வலப்பக்கம் தள்ளிப்போய்விடும், அடிப்புள்ளியில் வெட்டாது. 10-ஐ 3.5-க்கு நேராகவும் 22-ஐ 4.5-க்கு நேராகவும் குறித்துப் பாருங்கள், கோடு 4-க்கு மேலே கிட்டத்தட்ட 16-இல் போகும். வரைபடத்தாளில் படம் சரியாக வராததற்கு அடிக்கடி காரணமாக இருப்பது இதுதான். நான் மேலே உள்ள எண்களை எடுத்த சூத்திரத்தைப் போட்டால் துல்லியமாகவே வந்துவிடும் (q என்பது உற்பத்தி அளவு, TC மொத்தச் செலவு, MC இறுதிநிலை, AC சராசரி):

```
TC = q³ − 6q² + 15q + 32
MC = 3q² − 12q + 15
AC = q² − 6q + 15 + 32/q
```

q = 4 என்று இரண்டிலும் போடுங்கள். இரண்டுமே 15. MC-யின் சொந்த அடிப்புள்ளி q = 2-இல், வெறும் 3 என்ற உயரத்தில் இருக்கிறது. ஆக 2 முதல் 4 வரை ஒரு கோடு ஏறுகிறது, மற்றொன்று இறங்குகிறது. வகைநுண்கணிதம் தெரிந்தவர்களுக்கு ஒரே வரி போதும்: AC-யின் சரிவு = (MC − AC) / q. சரிவு பூச்சியமாக வேண்டுமென்றால் MC = AC ஆகத்தான் வேண்டும்.

இனி படத்தை வாசிப்பது சுலபம். ஓர் அளவுகோலைச் செங்குத்தாக வைத்து இடமிருந்து வலமாக நகர்த்துங்கள். அளவுகோலின் விளிம்பில் MC கீழே இருக்கும் வரை AC இறங்கியாக வேண்டும், MC மேலே போன பிறகு AC ஏறியாக வேண்டும். ஏதாவது ஒரு படத்தில் MC மேலே இருக்கும்போதும் AC இறங்கிக்கொண்டிருந்தால், அந்தப் படமே தப்பு. அவசரத்தில் வரைந்த குறிப்புகளில் இது நிறையவே கண்ணில் படும். வெட்டுப்புள்ளி அடிப்பகுதிக்குச் சற்று இடப்பக்கமாகப் போயிருக்கும். முதலில் MC-யை வரைந்துவிட்டு, AC-யின் அடியை அதன்மேல் உட்காரவைத்தால் இந்தத் தொல்லை வராது.

அப்படி உட்காரவைக்கும்போது இன்னொன்றும் புலப்படும். மாறாச் செலவு 32-க்குப் பதில் 100 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கூடுதல் அலகு தயாரிக்க ஆகும் செலவு அதனால் மாறாது, எனவே MC இருந்த இடத்திலேயே இருக்கும். AC மட்டும் மேலே போகும். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவு ஏறாது; கூடிய 68-ஐப் பங்குபோடுவதால் குறைந்த உற்பத்தியில் நிறைய ஏறும், அதிக உற்பத்தியில் கொஞ்சமாக ஏறும். அதனால் அடிப்புள்ளி நேர்மேலே போகாமல் வலப்பக்கமாகவும் நகரும். புதிய அடி q = 5-இல், 30 என்ற உயரத்தில். MC-யும் அங்கே சரியாக 30-தான். அதாவது MC-யின் ஏறுமுகப் பகுதி ஒரு தண்டவாளம் மாதிரி. மாறாச் செலவு கூடக் கூட AC-யின் அடி அதன்மேல் ஏறிக்கொண்டே போகும்.

ஆனால் வெட்டுப்புள்ளி எப்போதும் இருந்தே ஆக வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆரம்பச் செலவு பெரியதாகவும், அதன்பின் ஒவ்வொரு அலகின் செலவும் மாறாமலும் இருந்தால் (மென்பொருள் பிரதிகள் அப்படித்தான்) MC படுக்கைக் கோடாகக் கீழேயே கிடக்கும். AC அதை நெருங்கிக்கொண்டே போகும், தொடாது. அங்கே அடிப்புள்ளியும் கிடையாது.

கடைசியாக, தேர்வுத்தாள்களில் நிறைய மதிப்பெண் போகிற இடம் ஒன்று. “சராசரி மிகக் குறைவாக இருக்கும் இடத்தில்தான் லாபம் அதிகம்” என்று எழுதிவிடுகிறார்கள். மாறாச் செலவு 32 உள்ள நம் பழைய கணக்கில், சந்தை விலை 30 என்று கொள்வோம். அடிப்புள்ளியான 4-இல் நின்றால் வரவு 120, செலவு 60, லாபம் 60. ஐந்தாவது அலகையும் தயாரித்தால் வரவு 150, செலவு 82, லாபம் 68. சராசரி 15-இலிருந்து 16.4-க்கு ஏறியும் லாபம் கூடியிருக்கிறது. ஆறாவது வரை போனால் 180-க்கு 122, லாபம் 58-ஆகக் குறைந்துவிடும். விலைக்கோடு MC-யை வெட்டும் இடம் q = 5, நிறுத்த வேண்டியது அங்கேதான். விலை 15-ஆக இறங்கினால் மட்டுமே அந்த இடமும் AC-யின் அடிப்புள்ளியும் ஒன்றாகும். அப்போது லாபம் பூச்சியம்.