பழுதான மைட்டோகாண்ட்ரியாவைச் செல் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வணக்கம் சார். மைட்டோகாண்ட்ரியாக்கள் ஒன்றோடொன்று இணையும், பிரியும் என்று எழுதியிருந்தீர்கள். பழுதானது நல்லதோடு இணைந்தால் நல்லதும் கெட்டுவிடாதா? எது பழுது என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது? விரதம் இருந்தால் பழுதானவை கழிந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?
– எஸ்.

அன்புள்ள எஸ்.,

சின்னக் குறையுள்ளவை இணைவதால் லாபம்தான். ஒன்றில் இல்லாத புரதத்தை இன்னொன்று கொடுத்துவிடும். ரொம்பக் கெட்டுப்போனதுதான் ஆபத்து, அதற்குத் தடை இணைவிலேயே இருக்கிறது. நன்றாக வேலை செய்யும் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வுக்கு இருபுறமும் ஏறக்குறைய 150 முதல் 180 மில்லிவோல்ட் வரை மின்னழுத்த வேறுபாடு இருக்கும். அது விழுந்தால், உள்சவ்வுகளை இணைக்கும் ஓபிஏ1 என்ற புரதத்தை ஒரு நொதி வெட்டிப்போடும், அதோடு இணைவு நின்றுவிடும்.

பிரிவதன் பங்கு இங்கேதான் வருகிறது. 2008ல் ட்விக், ஷிரிஹாய் குழுவினர் செல்களை உயிரோடு வைத்துத் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு மைட்டோகாண்ட்ரியா இரண்டாகப் பிரியும்போது பல சமயம் ஒரு துண்டில் மின்னழுத்தம் கூடும், மற்றதில் குறையும். குறைந்தது தேறிவிட்டால் மறுபடி கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும். தேறாதது பல மணி நேரம் தனியாகவே கிடந்து, கடைசியில் செரிக்கப்படும்.

சரி, அதைச் செரிக்கச் சொல்வது யார்? செல் தேடிப் போய்ப் பழுதைப் பார்ப்பதில்லை. பிங்க்1 என்ற புரதத்தைச் செல் ஓயாமல் தயாரித்து ஒவ்வொரு மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளும் அனுப்புகிறது. அதை உள்ளே இழுக்க அந்த மின்னழுத்தம் வேண்டும். நல்லதில் பிங்க்1 உள்ளே போனதும் வெட்டுப்பட்டு விரைவிலேயே அழிந்துவிடும். பழுதானதில் உள்ளே போக முடியாமல் வெளிச்சவ்விலேயே குவியும், அந்தக் குவியல்தான் அடையாளம். குவிந்த பிங்க்1, யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டும், பார்க்கின் என்ற நொதியையும் அங்கே வரவழைத்து முடுக்கிவிடும். பார்க்கின் வெளிச்சவ்வு முழுக்க இன்னும் யுபிக்விட்டின்களைப் பதிக்கும். முதலில் பதிபவற்றில் மைட்டோஃபியூசினும் ஒன்று, இணைவதற்குத் தேவையான அதே புரதம். அது அழிந்தால் திரும்பிச் சேரும் வழியும் அடைபடும். அப்புறம் இரட்டைச் சவ்வுப் பை ஒன்று அந்த மைட்டோகாண்ட்ரியாவைச் சுற்றி வளைத்து, செல்லின் செரிக்கும் அறையான லைசோசோமிடம் கொண்டுபோகும்.

இளவயதிலேயே வரும் பரம்பரைப் பார்க்கின்சன் நோய் சிலருக்கு பிங்க்1, பார்க்கின் ஆகியவற்றின் மரபணுக்களில் ஒன்று பழுதாவதால் வருகிறது. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். இந்தப் படிகளில் பெரும்பகுதி, பார்க்கினைக் கூடுதலாகப் புகுத்திய செல்களில், சிசிசிபி என்ற வேதிப்பொருளால் மின்னழுத்தத்தை ஒரேயடியாக இறக்கிக் கண்டறியப்பட்டவை. பிங்க்1 இல்லாத எலிகளிலும் பல திசுக்களில் அன்றாடக் கழிவு நீக்கம் நடக்கத்தான் செய்கிறது, அதாவது வேறு வழிகளும் உண்டு.

விரதம் பற்றி: 2011ல் இரண்டு குழுக்கள் ஆய்வகச் செல்களைப் பட்டினி போட்டுப் பார்த்தன. பிரிக்கும் புரதமான டிஆர்பி1 முடங்கி, மைட்டோகாண்ட்ரியாக்கள் நீளமாக இணைந்து, செரிக்கப்படாமல் தப்பித்தன. பட்டினி என்றால் செல் முதலில் அவற்றைக் காப்பாற்றத்தான் பார்க்கிறது. மனித உடலில் எத்தனை மணி நேர விரதம் எந்தத் திசுவில் என்ன செய்யும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. யாராவது மணிக்கணக்குச் சொல்லி விற்றால் வாங்காதீர்கள்.