வந்த இடத்துக்கு மறுப்பு எழுதுவது எப்படி: ஆச்சியிடம் கேட்டவை

அயித்தை தேவகோட்டையில் ஒரு இடம் சொல்லி, ஜாதகமும் கொடுத்தனுப்பி மூணு நாள் ஆச்சு. இந்த மே மாசம் எம்.எஸ்சி. முடியுது, அடுத்து பி.எட். சேரணும். அப்பச்சி "நீயே எழுது" என்கிறார். எப்படி எழுதுவது? (காரைக்குடி, மாணவி)

முதலில் ஜாதகத்தைப் பொருத்தம் பார்க்கக் கொடுக்காதீர்கள். பொருத்தம் பார்த்துவிட்டு மறுத்தால், படிப்பு என்பது பிறகு தேடிப் பிடித்த காரணமாகத் தெரியும். வந்த ஒரு வாரத்துக்குள் எழுதிவிடுங்கள். பத்து நாள் பேசாமல் இருந்தால் அயித்தை அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, பெண் பார்க்க நாள் கேட்டு வந்து நிற்பார்கள்.

இந்தக் கடிதத்தை அயித்தை மட்டும் படிக்கப் போவதில்லை. மாப்பிள்ளை வீட்டிடம் பேசியவர் அவர்; "பெண் வீட்டில் என்ன சொன்னார்கள்?" என்று அங்கே கேட்பார்கள். கடிதத்தை அப்படியே நீட்டினாலும் நீட்டுவார். அதனால் அங்கே வாசிக்கக் கூடாத வரி ஒன்றுகூட இருக்கக் கூடாது. கூடவே, அயித்தை அங்கே அப்படியே சொல்லக்கூடிய ஒரு வாக்கியமாவது இருக்க வேண்டும்.

இப்படி எழுதலாம்:

> உ
> சிவமயம்
>
> அன்புள்ள அயித்தைக்கு வணக்கம். இங்கு அப்பச்சி, ஆத்தா, அப்பத்தா அனைவரும் நலம். அங்கு எல்லோர் நலமும் அறிய ஆவல்.
>
> என்னை நினைவில் வைத்துத் தேவகோட்டை இடத்தைச் சொல்லி, ஜாதகமும் அனுப்பியது எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. நல்ல குடும்பம் என்று அப்பச்சியும் சொன்னார்கள். நான் இந்த மே மாதம் எம்.எஸ்சி. முடித்து, பி.எட். சேர இருக்கிறேன். அது இரண்டு வருஷப் படிப்பு. அதை முடித்த பிறகே கல்யாணப் பேச்சு என்று வீட்டில் எல்லோருமாக முடிவு செய்திருக்கிறோம். அதுவரை அவர்களைக் காத்திருக்கச் சொல்வது முறையாகாது. ஆகையால் அவர்கள் வேறு இடம் பார்க்கும்படி தாங்கள் சொல்லிவிட வேண்டுகிறேன். ஜாதகத்தைப் பொருத்தம் பார்க்காமல் இத்துடன் அனுப்பியுள்ளேன்.
>
> அந்தத் தம்பிக்கு நல்லபடியாகக் கல்யாணம் அமைய வேண்டிக்கொள்கிறோம். லீவில் அயித்தையை வந்து பார்க்கிறேன்.

இதில் இரண்டு இடம் முக்கியம். ஒன்று, பி.எட். இரண்டு வருஷம் என்று எழுதியிருப்பது. 2015-லிருந்து அப்படித்தான், பெரியவர்கள் பலருக்குப் பழைய ஒரு வருஷக் கணக்குதான் மனதில் இருக்கும். "பி.எட். முடிக்கணும்" என்று மட்டும் எழுதினால் அடுத்த வருஷமே ஜாதகம் திரும்பி வரும். இரண்டு, "காத்திருக்கச் சொல்வது முறையாகாது" என்ற வரி. அது இல்லாவிட்டால் படிப்பு முடியும் காலம் கொடுத்த வாக்காகிவிடும். அயித்தை அங்கே சொல்ல வேண்டிய வாக்கியமும் அதுதான்.

"இப்போதைக்கு வேண்டாம்" என்று ஒரு வரியில் முடித்தால் போதாதா? (கண்டனூர்)

"இப்போதைக்கு" என்றால் கேட்பவர் காதில் "அப்புறம் ஆகும்" என்றுதான் விழும். "ஆடி போகட்டும்", "மார்கழி கழியட்டும்" என்பதும் அதே வகை. ஆவணி பிறந்ததும், தை பிறந்ததும் ஆள் வந்துவிடும். "வேண்டாம்", "பிடிக்கவில்லை" இரண்டையும் எழுத்தில் வைக்காதீர்கள். பேச்சில் கரைந்து போகிற சொல் காகிதத்தில் நின்றுவிடும்.

எதுக்கு இத்தனை? "ஜாதகம் பொருந்தலை"ன்னா யாருக்கும் வருத்தம் இல்லை. எங்க பக்கம் எல்லாரும் அப்படித்தான் சொல்றது. (புதுவயல்)

பாதி சரி. யார் மேலும் குறை வராத காரணம் அது. உண்மையிலேயே பொருந்தாதபோது அதைவிட நல்ல பதில் கிடையாது. ஆனால் பொய்யாகச் சொன்னால், இடம் சொன்னவர் தம் ஜோசியரிடம் காட்டி, "எட்டுப் பொருத்தம் இருக்காமே" என்று திரும்பி வருவார். அப்போது படிப்பைச் சொன்னால் இரண்டு காரணமும் பொய்யாகத் தெரியும். இன்னொன்று, ஜாதகம் என்று சொன்னால் அடுத்த மாதமே வேறு ஜாதகம் வரும். படிப்பு என்று சொன்னால்தான் வரவு கொஞ்ச நாளைக்கு நிற்கும்.

இடம் சொன்னது அயித்தைதான், ஆனா மாப்பிள்ளை அயித்தை மகனே. அதே கடிதம் போதுமா? (பள்ளத்தூர்)

போதாது. முறைப்பையன் என்றால் அயித்தை கேட்பது உரிமை. அங்கே கடிதம் முதலில் போனால், "என் கூடப் பிறந்தவன் வீட்டிலிருந்து எனக்குத் தபாலா?" என்பார்கள். அப்பச்சியும் ஆத்தாவும் நேரில் போய்ச் சொல்லட்டும். பிறகு வேண்டுமானால் நீங்கள் நாலு வரி எழுதலாம். அதில் "வேறு இடம் பார்க்கும்படி" என்ற வரி கூடாது. சொந்தப் பிள்ளைக்கு இடம் தேட அவர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. "அயித்தை வீட்டு உறவு எனக்கு எப்போதும் உண்டு" என்ற பொருளில் ஒரு வரி இருக்கட்டும். நேரில் போனாலும் சில மாதம் முகம் கொடுக்காமல் இருக்கலாம். அதைத் தடுக்கும் வாக்கியம் எதுவும் இல்லை.

பேசி முடிச்சு முறைச்சிட்டை வரை வந்தாச்சு. பொண்ணு இப்ப படிக்கணுங்குது. இதே மாதிரி எழுதி அனுப்பலாமா? (கோட்டையூர், பெண்ணின் தகப்பனார்)

இது வேறு விஷயம், ஐயா. மேலே சொன்னது பேச்சு தொடங்கும் முன் எழுதுவது. பேசி முடித்த பிறகு கடிதத்தை நினைக்கவே வேண்டாம். இரு வீட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு படிப்பு தொடருமா, தேதியைத் தள்ள முடியுமா என்று பேச வேண்டும். அதற்கு முன், அவர் உண்மையில் கேட்பது படிப்பா, வேறு ஏதாவதா என்று உங்கள் மகளிடம் தனியாகக் கேளுங்கள்.

பெண் கையெழுத்தில் போனால் "வாய் நீளம்" என்கிறார்கள். அப்பச்சி பெயரில் எழுதுவதுதானே மரியாதை? (ராயவரம்)

வீட்டுக்கு வீடு மாறும். அயித்தையிடம் பேசிப் பழகிய பெண் என்றால் அவளே எழுதுவது நெருக்கம். அப்பச்சி பெயரில் போனால் விலகல் போலத் தோன்றும். தூரத்து உறவு என்றால் அப்பச்சி எழுதுவதே நல்லது. நடுவில் ஒரு வழி: பெண் எழுதி, கீழே அப்பச்சி "நானும் கலந்துதான் எழுதச் சொன்னேன்" என்று ஒரு வரி போட்டுக் கையெழுத்திடுவது.

அதெல்லாம் ஊரை ஏமாத்துறது, ஆச்சி. அப்பச்சி வரி சேர்த்தா பொண்ணுக்குச் சொந்த வாய் இல்லேன்னுதானே ஆகுது? (காரைக்குடி)

அப்படியும் சொல்லலாம். ஆனால் அந்த வரி இல்லாத கடிதம் போனால், அயித்தை நேராக அப்பச்சிக்குப் போன் போட்டு "சின்னப் பிள்ளை ஏதோ எழுதியிருக்கா, நீ என்ன சொல்றே?" என்பார். அதற்கும் "அவள் சொன்னதுதான்" என்று பதில் சொல்லும் அப்பச்சி இருந்தால் வரி தேவையில்லை.

ஜாதகத்தை எப்படித் திருப்புவது? வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவை என்ன செய்வது? (தேவகோட்டை)

வந்த மடிப்பிலேயே மடித்து, வந்த உறையிலேயே வைத்து அனுப்புங்கள். அதன் மேல் கட்டம், கணக்கு எதுவும் குறிக்கக் கூடாது. அதே ஜாதகம் நாளை வேறு வீட்டுக்குப் போக வேண்டியது. உங்கள் கடிதத்துக்கு மஞ்சள் தடவாதீர்கள். மஞ்சளைக் கண்டதும் சம்மதம் என்று நினைத்துப் பிரிப்பார்கள். போட்டோவை அழித்துவிட்டு, அழித்ததாக அயித்தையிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மறுப்பைக் குரல் பதிவாக அனுப்பாதீர்கள், அது சாயங்காலத்துக்குள் குடும்பக் குழுவில் சுற்றும்.