எட்டாவது நானூறு ஏன் உடைகிறது? கேள்வி பதில்

மன்னார்குடி: "அண்ணே, காவலர் தேர்வுக்கு ஓடுறேன். 1500 மீட்டர் 5 நிமிஷம் 20 செகண்டுல இருந்தேன். மூணு வாரமா ஓட்டத்தைக் கூட்டினதுல 5.34 ஆயிடுச்சு. சத்து பத்தலையா?"

தம்பி, அனுப்பிய நோட்டைப் பார்த்தேன். அரிசி ஆலையில் மதிய ஷிப்ட் முடிந்து படுப்பது இரவு 11.45. பாமணி ஆற்றங்கரைக்கு எழுவது 4.30. இருபது நாளாக ஐந்து மணி நேரம்கூடத் தேறாத தூக்கம். அதன்மேல் வாரம் மூன்று நாள், எட்டு முறை நானூறு மீட்டர் வேக ஓட்டம்.

அந்த நானூறுகளைப் பாருங்கள். முதல் மூன்றும் 82 விநாடி. ஆறாவது 87, எட்டாவது 92. தூக்கக் கடன் இங்கேதான் பிடிபடும். ஒரே ஒரு முறை முழு பலத்தைக் காட்டச் சொன்னால் ஓரிரு இரவு கெட்ட உடம்பும் காட்டிவிடும். திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னால்தான் மாட்டும். முதல் ரவுண்டை வைத்து "நல்லாத்தானே இருக்கேன்" என்று நினைத்து ஏமாந்திருக்கிறீர்கள்.

தசையைச் செப்பனிடும் வேலை ஓடி முடித்த பிறகு ஒன்றிரண்டு நாள் நடக்கிறது. இளைஞர்களை ஐந்து இரவு நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்ட ஓர் ஆய்வில் அந்த வேலை மந்தமானது. அதே ஐந்து இரவு, ஆனால் இடையிடையே ஓய்வு விட்டு வேகமாகச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு மந்தமாகவில்லை. அதனால் வேகத்தை விடாதீர்கள், எண்ணிக்கையை விடுங்கள்.

நானூறு இனி வாரம் இரண்டு நாள், ஐந்தே ஐந்து, அதே 82-ல். அந்த நாட்களில் 5.30-க்கு எழுந்தால் போதும், மதியம் ஆலைக்குக் கிளம்பும் முன் அரை மணி படுங்கள். மெதுவோட்ட நாளில் 6.30 வரை தூங்குங்கள். கூட்டாளிகள் 4.30-க்கு ஓடுகிறார்கள் என்றால், அவர்கள் ஒன்பது மணிக்கே படுத்தவர்கள். பத்து நாளில் ஐந்தாவது நானூறு 84-க்குள் வந்தால் ஆறாவதைச் சேருங்கள். வரவில்லை, காலையில் எழுந்ததும் நாடி வழக்கத்தைவிட ஏழெட்டு கூடுதலாக அடிக்கிறது என்றால், பிரச்சினை வேறு. ரத்தச் சோதனைக்குப் போங்கள்.

கும்பகோணம்: "சாயங்கால காபியை மட்டும் விடச் சொல்லாதீங்க."

மூன்று மணிக்குள் குடியுங்கள். ஆறு மணிக் காபியில் பாதி, பத்து பதினோரு மணிக்கும் உடம்பில் இருக்கும்.

ஒரத்தநாடு: "கபடி மேட்ச் விடிய விடிய நடக்குது. எங்க செட் இறங்கவே ரெண்டு மணி ஆகுது. மறுநாள் ஜிம்முக்குப் போகலாமா?"

போகாதீர்கள். மேட்ச் அன்று மாலை ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டுப் பந்தலுக்குப் போங்கள். முன்கூட்டித் தூங்கியது அந்த இரவுக்கு நன்றாகவே கைகொடுக்கும். அடுத்த இரண்டு நாள் பளு வேண்டாம். நான் ஆடிய காலத்தில், விடிய ஆடிவிட்டுக் காலையில் ஸ்குவாட் செய்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் கிடந்தேன்.

பேராவூரணி: "அண்ணே, எந்த புரோட்டீன் பவுடர் நல்லது?"

மன்னார்குடித் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருவையாறு: "எங்கப்பா முறைத்தண்ணிக்கு ராத்திரி முழுக்க மடையில நிப்பாரு, காலையில நாத்துக்கட்டு சுமப்பாரு. இரும்பு மாதிரி இருந்தாரு. தூக்கம் தூக்கம்னு பயமுறுத்தாதீங்க."

ஐயா, பாதி சரி. பழகிய வேலையைத் தாங்குவதற்கும் புதிய வேகத்தைச் சேர்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. உங்கள் அப்பா போன வாரத்தைவிட இந்த வாரம் வேகமாகச் சுமக்க வேண்டியிருந்ததா? மதியம் களத்து மேட்டில் துண்டை விரித்துப் படுத்ததை விட்டுவிட்டீர்களே.

மறுபடி திருவையாறு: "படுத்தாருதான். ஒரு மணி நேரம். அதுக்கு?"

அதுதான் நான் மன்னார்குடித் தம்பிக்கு எழுதிய அரை மணி.

பட்டுக்கோட்டை: "ஐயா சொல்றதுலயும் இருக்கு. நான் ஆறு மணி நேரம்தான் தூங்குறேன், பழகிடுச்சு, ஒண்ணும் தெரியல."

தெரியாததுதான் சிக்கல். இரண்டு வாரம் ஆறு மணி நேரம் மட்டும் தூங்கவைத்தவர்களுக்குக் கவனம் நாளுக்கு நாள் சரிந்தது. ஆனால் "தூக்கம் வருதா" என்று கேட்டால், லேசாக என்றார்கள். உங்கள் கடைசி ரவுண்டு நேரத்தை எழுதி அனுப்புங்கள், பேசுவோம். ஆறு மணி நேரமே போதுமென்ற உடம்பும் உண்டு, மிக அபூர்வம்.

மறுபடி திருவையாறு: "எங்கப்பா அபூர்வம்தான்."

சரி ஐயா.

திருவாரூர்: "ஞாயித்துக்கிழமை பதினோரு மணி நேரம் தூங்கி ஈடு கட்டிடுறேன், சரிதானே?"

களைப்பு கொஞ்சம் தீரும். செவ்வாய், வியாழன் ஓட்டங்களுக்குப் பிறகு குறைந்த தூக்கம் ஞாயிற்றுக்கிழமை திரும்பி வராது. பதினோரு மணி தூங்கினால் அன்று இரவு தூக்கம் தள்ளிப்போய் திங்கள் மறுபடி கடன். ஒரு மணி நேரம் கூட்டுங்கள், போதும்.

நாகப்பட்டினம்: "மாமனார் குறட்டை தாங்கல, மூச்சே நின்னுபோற மாதிரி இருக்கு. என்ன பயிற்சி?"

பயிற்சி இல்லை. நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

நன்னிலம்: "புரோட்டீன் பவுடர் படுக்கும்போதா, காலையிலயா?"

படுக்கும்போது படுங்கள் தம்பி.