மாமியாருக்குத் துணையாகத் தங்கப் போகிறேன். பையில் என்ன வைப்பது?

"மாமியார் (வயது 72) குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. மாவட்ட அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். புதன்கிழமை ஆபரேஷன். இரவில் நான்தான் கூட இருக்க வேண்டும். எனக்கும் சர்க்கரை உண்டு, மாத்திரை போடுகிறேன். என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று சொல்லுங்கள்."
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

அன்புச் சகோதரிக்கு,

எல்லாவற்றையும் ஒரே பையில் திணிக்காதீர்கள். பாய், போர்வை, மாற்றுத்துணி, பிளாஸ்க், சோப்பு, ரப்பர் செருப்பு எல்லாம் ஒரு கட்டைப்பையில் இருக்கட்டும். இன்னொன்று தோளில் மாட்டுகிற சின்னப் பை. தூங்கும்போதும் அது உங்கள் உடம்போடு இருக்க வேண்டும். ரவுண்ட்ஸ் நேரத்தில் உங்களை வெளியே நிற்கச் சொல்வார்கள். ஆபரேஷன் முடிந்ததும் மாமியாரை வார்டுக்குக் கொண்டு வராமல் நேராக ஐசியூவுக்கு மாற்றவும் கூடும். அந்த நேரத்தில் கட்டிலடியில் இருக்கும் பை உதவாது, கையில் இருப்பதுதான் உதவும்.

அந்தச் சின்னப் பையில் முதலில் மாமியாரின் மாத்திரைகள். டப்பாவில் கொட்டி எடுத்து வராமல் அட்டையோடு கொண்டு வாருங்கள், பெயர் தெரிய வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது சாப்பிடுகிறார் என்றால், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போல, மயக்க மருந்து டாக்டரிடம் அதை நீங்களே எடுத்துக் காட்டிவிடுங்கள். முதுகுத்தண்டில் ஊசி போடுவதா, எந்த நாளில் ஆபரேஷன் செய்வது என்பதெல்லாம் அதைப் பொறுத்து மாறும். பழைய சீட்டுகள், ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆகியவற்றின் நகல்கள், துணைக்கு இருப்பவருக்கான பாஸ், சில்லறை நோட்டுகள், போன், சார்ஜர், பேனாவோடு ஒரு சின்ன நோட்டு. எக்ஸ்ரே பையில் அடங்காது. போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது உங்கள் உடம்பு. துணைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது இதைத்தான். உங்கள் மாத்திரை எது என்று எழுதவில்லை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை சட்டென்று இறங்குவது அரிது. கிளிமிபிரைடு சேர்ந்தது என்றால் கவனம் தேவை. புதன்கிழமை காலையில் வழக்கம்போல் மாத்திரை போட்டுவிட்டு, 'இப்போது கூப்பிடுவார்கள்' என்று டிபனுக்குப் போகாமல் தியேட்டர் வாசலிலேயே உட்கார்ந்திருப்பீர்கள். பதினொரு மணிக்குக் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கண் இருட்டும். பதற்றம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள். கால் மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை குடித்துவிட்டு நர்ஸிடம் சொல்லுங்கள். தெளிந்த பிறகு வயிறாரச் சாப்பிடவும் வேண்டும். அதனால் ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டும் பிஸ்கட்டும் சின்னப் பையிலேயே இருக்கட்டும். டிபன் கைக்கு வந்த பிறகே மாத்திரையை எடுங்கள்.

ஆனால் அந்த பிஸ்கட்டை மாமியார் கண்ணில் காட்டாதீர்கள். ஆபரேஷனுக்கு முன் எத்தனை மணியிலிருந்து சாப்பிடக் கூடாது, தண்ணீர் எதுவரை குடிக்கலாம் என்று சொன்னதை நோட்டில் எழுதி வையுங்கள். நான் எலும்பு முறிவு வார்டில் நைட் டூட்டி பார்த்த காலத்தில், பாவம் பார்த்துக் கொடுத்த ஒரு டம்ளர் காபிக்காக ஆபரேஷன் தள்ளிப்போனதைப் பார்த்திருக்கிறேன். வயிற்றில் இருப்பது மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும் என்பதுதான் டாக்டர்களின் பயம்.

மாமியாருக்காக எடுக்க வேண்டியவற்றில் மூக்குக் கண்ணாடியும், காது மிஷின் இருந்தால் அதுவும் முக்கியம். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு வயதானவர்கள் சிலர் இரவில் குழம்பிப்போவார்கள். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் ஊசிக் குழாயைப் பிடுங்குவார்கள், எழுந்து நடக்கப் பார்ப்பார்கள். கண்ணும் காதும் தெளிவாக இருந்தால் அந்தக் குழப்பம் குறைய வாய்ப்புண்டு. நேரம் தெரியும்படி சின்னக் கடிகாரம் ஒன்றும் வையுங்கள். திடீரென்று பிதற்ற ஆரம்பித்தால் 'வயசாச்சு' என்று விடாமல் அப்போதே நர்ஸிடம் சொல்லுங்கள், காய்ச்சலோ ஆக்சிஜன் குறைவோ காரணமாக இருக்கலாம். பல்செட் இருந்தால் மூடி போட்ட டப்பா ஒன்று வேண்டும். தியேட்டருக்குப் போகும் முன் கழற்றிக் காகிதத்தில் சுற்றி வைத்தால், குப்பையோடு போய்விடும்.

நகைகளை முதல் நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கொசுவர்த்திச் சுருள் வேண்டாம், ஆக்சிஜன் இருக்கிற வார்டில் நெருப்பே கூடாது. தடவுகிற களிம்பு போதும். பகலில் யாராவது மாற்றி விட வரும்போது அந்த நோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.