பெத்தாலஜி ரிப்போர்ட்டிலிருந்து கணு எண்ணிக்கையை எக்செலில் ஏற்றுவது எப்படி?

கேள்வி: "பெருங்குடல் புற்றுநோய் அறுவை சிகிச்சை செய்த 90 பேரின் பெத்தாலஜி ரிப்போர்ட்டுகள் வேர்டு ஃபைல்களாக இருக்கின்றன. எல்லாமே பத்தி பத்தியாக எழுதியவை. எத்தனை நிணநீர்க் கணுக்கள் பார்க்கப்பட்டன, 12 என்ற அளவை எத்தனை பேர் எட்டினார்கள் என்று ஒரு சிறிய ஆடிட் செய்ய வேண்டும். நானும் நண்பரும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எண்கள் ஒத்துவரவில்லை. எங்கே தவறு?"

பதில்: பெரும்பாலும் தவறு கவனக்குறைவால் வருவதில்லை. ஒரே ரிப்போர்ட்டில் கணு எண்ணிக்கை மூன்று நான்கு இடங்களில், வெவ்வேறு எண்களாக வரும். எதை எடுப்பது என்ற விதியை முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால், இருவரும் கவனமாகவே படித்து இரண்டு விடைகளோடு வருவார்கள்.

இப்படி ஒரு ரிப்போர்ட்டை வைத்துப் பார்ப்போம். முதன்மை மாதிரியைப் பற்றிய நுண்ணோக்கிப் பத்தி, 11 கணுக்களில் 2-ல் புற்றுநோய் பரவியிருப்பதாகச் சொல்கிறது. அடுத்த வரியில், கணுவாக இல்லாத ஒரு கட்டித் திட்டு கொழுப்பில் இருப்பதாகக் குறிப்பு. தனி டப்பாவில் வந்த ரத்தக்குழாய் முனைக் கணுக்கள் 3, மூன்றிலும் நோய் இல்லை. முடிவு வரியில் நிலை pN1b. அதன் கீழே சில நாள் கழித்துச் சேர்த்த பின்னிணைப்பு: மீதிக் கொழுப்பைத் திரும்ப அலசியதில் மேலும் 5 கணுக்கள் கிடைத்தன, அவற்றில் 2-ல் பரவல் உண்டு, நிலை pN2a.

நுண்ணோக்கிப் பத்தியோடு நிறுத்துபவர் 11-ல் 2 என்று எழுதுவார். நோயாளி 12-ஐ எட்டாதவர் ஆகிவிடுவார். முனைக் கணுக்களையும் சேர்ப்பவர் 14-ல் 2 என்பார். பின்னிணைப்புவரை போனவருக்குத்தான் சரியான விடை: 19-ல் 4. கட்டித் திட்டையும் ஒரு கணுவாக எண்ணிவிட்டால் இன்னொரு தவறான எண் வரும்.

ஆகவே விதியை இப்படி எழுதுங்கள்: ஒரே அறுவை சிகிச்சையில் வந்த எல்லா டப்பாக்களின் கணுக்களையும் கூட்ட வேண்டும், பின்னிணைப்பில் உள்ளதையும் கூட்ட வேண்டும், கட்டித் திட்டை எண்ணாமல் தனி நெடுவரிசையில் Y அல்லது N என்று குறிக்க வேண்டும். கூட்டும் முன் ஒன்றை உறுதி செய்யுங்கள். முதலில் சொன்ன 11-க்குள் அந்த 3-ம் அடங்கியிருக்கிறதா? இதற்கு விடை நுண்ணோக்கிப் பத்தியில் கிடைக்காது. வெறுங்கண்ணால் பார்த்து எழுதிய பகுதியின் கடைசியில், எந்தத் துண்டு எந்தக் கேசட்டில் போனது என்ற பட்டியல் இருக்கும். முனைக் கணுக்களுக்குத் தனிக் கேசட் எண்ணும், 11 கணுக்களுக்கு வேறு கேசட் எண்களும் இருந்தால் கூட்டலாம். பட்டியலிலும் தெளிவில்லை என்றால் ரிப்போர்ட் எழுதியவரிடம் கேளுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். பின்னிணைப்பின் எண்ணுக்கும் இதே எச்சரிக்கை: அது கூடுதலாகக் கிடைத்ததா, திருத்திய மொத்தமா என்று வாசகத்தைப் படித்தே முடிவு செய்ய வேண்டும்.

அடுத்து தாள். பார்த்த கணுக்கள் E-யிலும், நோய் உள்ளவை F-லும் தனித்தனியாக இருக்கட்டும். ஒரே கட்டத்தில் 4/19 என்று அடித்தால் எக்செல் அதைத் தேதியாக மாற்றிவிடும். பிறகு கட்டத்தை Text என்று மாற்றினாலும் பழைய எண் திரும்பாது, ஓர் ஐந்திலக்க எண்தான் தெரியும். இதில் மோசமானது என்னவென்றால், 0/18 தேதியாக மாறாது. நோய் பரவாதவர்களின் வரிசைகள் பத்திரமாக இருக்க, பரவியவர்களின் வரிசைகள் மட்டும் கெடும். கெட்ட வரிசைகளை நீக்கிவிட்டுக் கணக்குப் போட்டால் ஆடிட்டின் முடிவே ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

கணு எண்ணிக்கை எழுதப்படாத ரிப்போர்ட்டுக்கு NS என்று அடியுங்கள். 0 போடக் கூடாது. தேடியும் கணு கிடைக்கவில்லை என்று ரிப்போர்ட்டே சொன்னால்தான் 0. சிலர் விடுபட்டதற்கு 99 போடும் பழக்கம் உண்டு. அது சராசரியில் கலந்து, 12-ஐத் தாண்டியவர்களின் கணக்கிலும் ஏறிவிடும். NS எழுத்தாக இருப்பதால் `AVERAGE`-ம் `COUNTIF(E:E,">=12")`-ம் அதைத் தொடாது.

கட்டித் திட்டு G-யில். ரிப்போர்ட் சொல்லும் இறுதி நிலை H-ல், முன்னொட்டு இல்லாமல் N2a என்று மட்டும். p அல்லது yp என்ற முன்னொட்டுக்கு வேறொரு நெடுவரிசை கொடுங்கள். அறுவைக்கு முன்பே கீமோவோ கதிர்வீச்சோ பெற்றவர்களுக்கு yp வரும். குறிப்பாக மலக்குடல் நோயாளிகளிடம் இந்தச் சிகிச்சைக்குப் பின் கணுக்கள் குறைவாகக் கிடைப்பது இயல்பு. மற்றவர்களோடு கலந்தால் 12 என்ற அளவுகோல் அவர்களுக்கு நியாயமாக இராது.

இனி I-யில் இந்தச் சூத்திரத்தைப் போடுங்கள். எண்களிலிருந்து நிலை என்னவாக வர வேண்டும் என்று அதுவே சொல்லும்:

```
=IF(COUNT(E2:F2)<2,"CHECK",IF(F2>E2,"CHECK",
IF(F2=0,IF(G2="Y","N1c","N0"),
IF(F2=1,"N1a",IF(F2<=3,"N1b",IF(F2<=6,"N2a","N2b"))))))
```

J-யில் `=IF(H2=I2,"","DIFF")`. பின்னிணைப்பைத் தவறவிட்டு 11, 2 என்று ஏற்றி, நிலையை மட்டும் pN2a என்று எடுத்திருந்தால், I-யில் N1b வரும், J-யில் DIFF எரியும். உடனே ரிப்போர்ட்டைத் திறந்து பார்க்கலாம். ஆனால் 11, 2, N1b என மூன்றையும் முதல் பகுதியிலிருந்தே எடுத்திருந்தால் சூத்திரம் வாயே திறக்காது. அதனால்தான் ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கிப் படிக்கச் சொல்கிறோம்.

DIFF வந்ததெல்லாம் உங்கள் தவறு ஆகாது. டிஎன்எம் ஆறாம் பதிப்பின்படி எழுதிய பழைய ரிப்போர்ட்டில் வெறும் N1 என்றுதான் இருக்கும். a, b, c பிரிவுகள் ஏழாம் பதிப்பில்தான் வந்தன. சில சமயம் ரிப்போர்ட் எழுதியவரே நிலையைத் தவறாகக் குறித்திருப்பார். எதுவானாலும் H-ல் ரிப்போர்ட் சொன்னதைத் திருத்தாமல் விட்டு, காரணத்தைக் குறிப்பு நெடுவரிசையில் எழுதுங்கள். எண் எடுத்த வாக்கியங்களை அப்படியே நகலெடுத்து ஒட்ட K-யை ஒதுக்குங்கள். பெயரோ மருத்துவமனை எண்ணோ அதில் ஒட்டிக்கொண்டு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாளில் ஆடிட் எண் மட்டும் போதும், பெயர்ப் பட்டியல் தனி ஃபைலில் பூட்டி இருக்கட்டும்.

90 ரிப்போர்ட்டுக்காகத் தானாக எண் பிடுங்கும் நிரல் எழுதுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஒன்றுக்கு 5 நிமிடம் என்றாலும் ஏழரை மணி நேர வேலை. எண்ணால் எழுதியது, எழுத்தால் எழுதியது, "அனைத்துக் கணுக்களிலும் நோய் இல்லை" என்று எண்ணே சொல்லாமல் விட்டது என்று நிரலுக்கு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுக்க அதைவிட நேரம் பிடிக்கும்.

முதலில் 10 ரிப்போர்ட்டுகளை மட்டும் இருவரும் தனித்தனியாக எடுத்து, ஒத்துவராத இடங்களை வைத்து விதியைத் திருத்துங்கள். பிறகு ஒருவர் மீதி 80-ஐயும் முடிக்கட்டும். மற்றவர் அதைப் பார்க்காமல், குலுக்கலில் எடுத்த 20-ஐ மட்டும் செய்யட்டும். E-யும் F-ம் அச்சு அசலாகப் பொருந்த வேண்டும். அந்த 20-ல் ஒன்று பிசகினால் அதை மட்டும் திருத்தலாம். இரண்டு மூன்று பிசகி, எல்லாம் ஒரே மாதிரியானவை என்றால் விதியில் ஓட்டை இருக்கிறது. அதை அடைத்த பிறகு 90-லும் அந்த நெடுவரிசையை மீண்டும் எடுக்க வேண்டும்.