ராத்திரி எழுப்பிவிடும் வாட்ச்

கேள்வி: வயது 54. ரத்த அழுத்தத்துக்கு மெட்டோபுரோலால் சாப்பிடுகிறேன். ஆப்பிள் வாட்சில் நாடி எச்சரிக்கையை மேலே 100, கீழே 50 என்று வைத்தேன். ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுப்பிவிடுகிறது. என்ன எண் வைக்கலாம்?

பதில்: கீழே 40, மேலே 120. ஐபோனில் Watch செயலியைத் திறந்து Heart பகுதிக்குப் போனால் High Heart Rate, Low Heart Rate என்று இரண்டும் இருக்கும், அங்கே மாற்றிவிடுங்கள்.

நீங்கள் வைத்த 50 பகலில் உட்கார்ந்திருப்பவருக்குச் சரி. ஆழ்ந்த தூக்கத்தில் நாடி தானாகவே இறங்கும், மெட்டோபுரோலாலின் வேலையே அதை இன்னும் மெதுவாக்குவதுதான், அப்புறம் 46, 47 வராமல் எப்படி இருக்கும்? ஆனால் வாட்ச் கத்துகிறதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சட்டென்று நிறுத்தினால் நாடியும் அழுத்தமும் எகிறும். மேல் எண்ணைப் பொறுத்தவரை, நீங்கள் சுமார் பத்து நிமிடம் அசையாமல் இருக்கும்போது நாடி தாண்டினால்தான் அது எச்சரிக்கும், அதனால் 120 போதும். ஒரு வாரம் கழித்து உங்கள் தூக்க நாடியைப் பாருங்கள். 52க்குக் கீழே இறங்கவே இல்லை என்றால் கீழ் எண்ணை 45 ஆக்கலாம்.

பட்டை தளர்ந்திருந்தால் எந்த எண் வைத்தும் பயனில்லை. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நகராத அளவு இறுக்கமாகக் கட்டுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் பலரைக் குழப்புகிறது. சிலருக்கு இதயம் இடையிடையே முன்கூட்டியே ஒரு துடிப்பு துடித்துவிடும். அந்தத் துடிப்பில் ரத்தம் குறைவாகவே வெளியேறுவதால் அது மணிக்கட்டு வரை வந்து சேராது, வாட்ச் அதை எண்ணாமல் விட்டுவிடும். ஒன்றுவிட்டு ஒன்று அப்படி வந்தால் இதயம் 76 துடிக்கும், வாட்ச் 38 என்று காட்டும். விரல் வைத்து எண்ணினாலும் அதே 38தான் வரும், ஏனென்றால் விரலும் அதே மணிக்கட்டில்தான் இருக்கிறது! விழித்திருக்கும்போது இப்படிக் குறைவாகக் காட்டினால் அந்த நேரத்திலேயே ஈ.சி.ஜி. எடுங்கள். உங்கள் வாட்சில் அந்த வசதி இருந்தால் அதில் எடுத்து மருத்துவரிடம் காட்டலாம், இல்லையென்றால் பக்கத்துக் கிளினிக் போதும்.

கிளினிக் என்றுதான் சொன்னேன். வாட்ச் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டியதும் ஆயிரக்கணக்கில் 'ஹார்ட் பேக்கேஜ்' எழுதித் தள்ளுகிற இடங்கள் பெருத்துவிட்டன. போன மாதம் என்னிடம் வந்த ஒருவர் எக்கோ, டிரெட்மில், சி.டி. எல்லாம் எடுத்து முடித்திருந்தார், சாப்பிடும் மாத்திரை என்னவென்று அதுவரை யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆயிரம் ரூபாய் வாட்சில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் தெரியும் என்று விற்கிறவர்களும் இதே ரகம், அவற்றில் சில தண்ணீர் பாட்டிலில் கட்டினாலும் நாடி காட்டும்.

40க்குக் கீழே எச்சரிக்கை வந்து கூடவே தலைசுற்றல், மயக்கம், மூச்சுத்திணறல் இருந்தால் உடனே 108. நெஞ்சுவலி என்றால் வாட்சைப் பார்க்கவே வேண்டாம், மாரடைப்பை அது கண்டுபிடிக்காது.