போனில் நம் குரல் எதிரில் மெதுவாகக் கேட்பது ஏன்?

“நான் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது என்கிறார்கள். ஏன்?”

பெரும்பாலும் மைக் துளை அடைத்திருக்கும். மைக் என்பது குரலை வாங்கும் பாகம். போனின் அடியில், சார்ஜ் போடும் இடத்துக்கு அருகே ஊசிமுனை அளவில் ஒரு துளை தெரியும். மைக் அதற்குள் இருக்கிறது. குரல் காற்றின் அதிர்வுதானே, அது துளை வழியே போய் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வை அசைக்க வேண்டும். சட்டைப்பைத் தூசியும் வியர்வையும் அங்கே சேர்ந்து இறுகினால், வாயில் துண்டை வைத்துப் பேசியதுபோல் ஆகிவிடும்.

முதலில் உறையைக் கழற்றிவிட்டு, குரலைப் பதிவுசெய்து கேளுங்கள். அப்போதும் மங்கலாக இருந்தால், உலர்ந்த மென்மையான பல் துலக்கும் பிரஷால் துளையைத் தேயுங்கள். ஊசி மட்டும் வேண்டாம், சவ்வு கிழிந்துவிடும்.

அப்புறம், வால்யூமைக் கூட்டினால் சரியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அது உங்கள் காதுக்கு வரும் ஒலியைத்தான் கூட்டும், எதிரில் போகும் உங்கள் குரலை அல்ல.